நடுவில் நிற்கும் வைப்பர்: மோட்டாரை மாற்றியும் தீராத ஒரு கோளாறு

பின்னணி

வண்டி ஒன்பது வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். சென்னையில், கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு தெருவில் நிற்பது. வீட்டில் ஷெட் கிடையாது. வருடம் முழுக்க வேப்பமரத்தடிதான். உரிமையாளர் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுகிறவர். சர்வீஸை நாள் தவறாமல் செய்திருக்கிறார், ஆனால் எந்த சர்வீஸிலும் வைப்பரின் அடிப்பகுதியை யாரும் திறந்து பார்த்ததாகப் பதிவு இல்லை. இது அந்த வண்டிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வழக்கமான சர்வீஸ் பட்டியலில் பிளேடு இருக்கும், வாஷர் தண்ணீர் இருக்கும். கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் உள்ள பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது இருக்காது.

செப்டம்பர் கடைசியில் வைப்பர் மெதுவாக ஓடத் தொடங்கியது. உரிமையாளர் புது பிளேடு மாட்டினார். கண்ணாடி நன்றாகத் துடைபட்டது, வேகம் மாறவில்லை. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், நல்ல மழையில் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு கைகளும் கண்ணாடியின் நடுவில் நின்றுவிட்டன. அன்று ஃபியூஸ் போயிருந்தது. பக்கத்து எலக்ட்ரீஷியன் எரிந்த மஞ்சள் ஃபியூஸை எடுத்துவிட்டு பச்சையை மாட்டினார். மஞ்சள் 20 ஆம்பியர், பச்சை 30 ஆம்பியர்.

அதன் பிறகு ஃபியூஸ் போகவில்லை. வைப்பர் மட்டும் நின்று நின்று ஓடியது. சில நிமிடம் ஓடும், நடுவில் நிற்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி ஓடும். "மோட்டார் போச்சு" என்று முடிவுசெய்து, பழைய உதிரிபாகக் கடையிலிருந்து அதே வண்டிக்கான மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டினார்கள். மாட்டும்போது, மோட்டாரின் சுழற்சியைக் கைகளுக்குக் கொண்டுபோகும் கம்பித் தொகுதியான லிங்க்கேஜின் மூட்டுகளில் துருநீக்கி ஸ்பிரேயும் அடித்திருக்கிறார்கள். இரண்டு வாரம் வைப்பர் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு அதே கோளாறு, அதே வரிசையில் திரும்பியது: முதலில் மெதுவானது, பிறகு நடுவில் நின்றது. இந்தக் கட்டத்தில்தான் வண்டி வேறொரு பட்டறைக்கு முழுச் சோதனைக்கு வந்தது.

உரிமையாளர் சொன்ன புகார் தெளிவாகவே இருந்தது: "மழை பலமா பெய்யறப்ப கொஞ்ச நேரம் ஓடுது சார், அப்புறம் நடுவுல அப்படியே நின்னுடுது. ஓரமா நிறுத்தி அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தா தானா சரியாகுது." இந்த ஐந்து நிமிடம்தான் வழக்கின் முக்கியமான தடயம். அதற்கு முன்னால் அந்தப் புகாரில் உள்ள "நடுவில் நிற்பது" எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நடுவில் நிற்பதில் இரண்டு வகை

ஸ்விட்சை அணைத்த பிறகு கைகள் கீழே போய்ப் படுக்காமல், அணைத்த இடத்திலேயே நிற்பது ஒரு வகை. ஸ்விட்ச் போட்டபடி இருக்கும்போதே நிற்பது வேறு வகை. பேச்சில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும், காரணங்கள் வேறு.

வைப்பர் மோட்டாரின் கியர் மூடிக்குள் பார்க் ஸ்விட்ச் என்று ஒரு தொடுமுனை அமைப்பு உண்டு. நாம் ஸ்விட்சை அணைத்தாலும், கைகள் கீழே வரும்வரை அந்த அமைப்பு வேறொரு வயர் வழியாக மோட்டாருக்கு மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்கும். கைகள் கீழே வந்ததும் அதைத் துண்டித்து, மெதுவேக பிரஷை எர்த்துடன் இணைத்து மோட்டாரைச் சட்டென்று நிறுத்தும். ஆகவே அணைத்ததும் நடுவில் நிற்கிறது என்றால் பார்க் ஸ்விட்ச், அதற்கு வரும் வயர், ரிலே இவற்றைப் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியில் மோட்டார் ஓடும் நிலையில் இருக்கும்போது எங்கே அணைத்தாலும் கைகள் கீழே போய்ப் படுத்தன. பல இடங்களில் அணைத்துப் பார்த்தும் தவறவில்லை. பார்க் ஸ்விட்ச் வழக்கிலிருந்து விலகியது. மீதியிருந்தது ஓடும்போதே நிற்பது.

முதல் நாள் அவதானிப்புகள்

எதையும் கழற்றுவதற்கு முன்பு வேகத்தை எண்ணிக்கொண்டார்கள். எஞ்ஜின் ஓடுகிறது, பேட்டரி முனையில் 14.1 வோல்ட், கண்ணாடியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. மெதுவேகத்தில் நிமிடத்துக்கு 22 முறை, வேகமான நிலையில் 31 முறை. ஒரு முறை என்பது மேலே போய்க் கீழே வருவது. நல்ல நிலையில் உள்ள இதுபோன்ற கார் மெதுவேகத்தில் 40-க்குச் சற்று மேலும், வேகத்தில் 60-ஐ ஒட்டியும் துடைக்கும். வேகமான நிலை 45-க்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் இரண்டிலும் உள்ள எல்லை. பார்த்தால் "கொஞ்சம் மெது" என்று மட்டும் தோன்றிய வைப்பர், எண்ணிப் பார்த்தபோது பாதி வேகத்தில் இருந்தது. கைக்கடிகாரத்தைத் தவிர எதுவும் தேவைப்படாத இந்த எண்ணிக்கையை முந்தைய இரண்டு முறையும் யாரும் எடுக்கவில்லை.

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் வைப்பருக்கு 20 என்று அச்சாகியிருந்தது. இருந்தது 30. அதன் ஒரு கால் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் லேசாகப் பழுத்திருந்தது.

அடுத்து, மோட்டார் வயரில் டிசி கிளாம்ப் மீட்டர் போட்டார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரீஷியன்கள் கையில் பரவலாக உள்ள மலிவான கிளாம்ப் மீட்டர் வீட்டு மின்சாரத்தை மட்டுமே அளக்கும். கார் வயரில் போட்டால் பூஜ்யம் காட்டும். டிசி அளக்கும் மீட்டர்தான் வேண்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இணைப்பதும் இந்தக் கோளாறுக்கு உதவாது, ஏனெனில் கை மாட்டிக்கொண்டு நிற்கும் கணத்தில் மின்னோட்டம் அதைத் தாண்டி மீட்டரின் உள் ஃபியூஸை எரித்துவிடும்.

மெதுவேகத்தில், ஈரக் கண்ணாடியில், மீட்டர் 9 ஆம்பியரை ஒட்டிக் காட்டியது. கைகள் கண்ணாடியின் நடுப்பகுதியைக் கடக்கும்போதெல்லாம் 13, 14 வரை எகிறி இறங்கியது. நல்ல வைப்பர் இதே நிலையில் 2 முதல் 4 ஆம்பியருக்குள் ஓடும்.

நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடியதும் கைகள் நடுவில் நின்றன. நின்ற கணத்தில் மீட்டரில் பதிவான உச்சம் 24 ஆம்பியர். சில வினாடிகளில் அது பூஜ்யத்துக்கு இறங்கியது. அப்போது மோட்டாரில் வயர் இணையும் கப்ளரில் பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்துப் பார்த்தால் முழு வோல்டேஜும் வந்துகொண்டிருந்தது. அதாவது மின்சாரம் மோட்டாரின் வாசல்வரை வருகிறது, மோட்டார் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நிமிடம் கழித்து யாரும் எதையும் தொடாமல் வைப்பர் தானாக ஓடத் தொடங்கியது.

அளவுகள் சொன்னது என்ன

பெரும்பாலான வைப்பர் மோட்டார்களுக்குள் வெப்பத் துண்டிப்பான் ஒன்று இருக்கும். மோட்டார் அளவுக்கு மேல் சூடானால் அது திறந்துகொள்ளும், ஆறியதும் தானாக மூடிக்கொள்ளும். உரிமையாளர் சொன்ன ஐந்து நிமிடம் இதுதான். வாசலில் வோல்டேஜ் இருந்து மின்னோட்டம் பூஜ்யம் என்றால், அதுவும் ஆறியதும் சரியாகிறது என்றால், துண்டிப்பான் திறந்திருக்கிறது. வோல்டேஜே வரவில்லை என்றால்தான் ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச், வயர் பக்கம் போக வேண்டும். வோல்டேஜும் இருந்து, மின்னோட்டமும் 20 ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ இறுகி மாட்டியிருக்கிறது. உடனே ஸ்விட்சை அணைக்க வேண்டும். வைப்பர் நின்ற கணத்தில் எடுக்கும் இந்த இரண்டு அளவுகள் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். ஓடும்போது மட்டும் அளந்துவிட்டு, நின்றதும் ஸ்விட்சை அணைத்துவிட்டால் தடயம் போய்விடும்.

ஆனால் துண்டிப்பான் திறந்தது விளைவுதான். மோட்டார் ஏன் சூடானது என்பது அடுத்த கேள்வி. அதற்கான பதில், மெதுவாக ஓடும்போது மோட்டார் அதிகம் இழுக்கிறதா, குறைவாக இழுக்கிறதா என்பதில் இருக்கிறது.

மோட்டார் சுழலும்போது தனக்குள்ளேயே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கிக்கொள்ளும். வேகமாகச் சுழன்றால் அந்த எதிர்ப்பு அதிகம், பேட்டரியிலிருந்து இழுப்பது குறைவு. சுமை ஏறி வேகம் குறைந்தால் எதிர்ப்பும் குறைந்து இழுப்பு கூடும். ஆகவே மெதுவாக ஓடி, அதிகம் இழுக்கும் மோட்டார் எதையோ சிரமப்பட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மெதுவாக ஓடி, குறைவாக இழுக்கும் மோட்டாருக்கு மின்சாரம் சரியாகப் போய்ச் சேரவில்லை. பாதையில் தொடர்பு கெட்டிருக்கலாம், அல்லது மோட்டாருக்குள் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இந்த வண்டி முதல் வகை. 9 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை "பலமில்லாத மோட்டார்" என்று மாற்றியதில் பயன் இருந்திருக்க முடியாது.

கைகள் எப்போதும் நடுவில் நின்றதற்கும் காரணம் இருக்கிறது. மோட்டாரின் அச்சில் மாட்டிய கிராங்க் என்ற சிறிய நெம்புகோல் ஒரே திசையில் சுற்றுகிறது, லிங்க் கம்பி அதை இங்குமங்குமான அசைவாக மாற்றுகிறது. துடைப்பின் இரண்டு ஓரங்களிலும் கிராங்க்கும் கம்பியும் ஒரே நேர்க்கோட்டுக்கு வருவதால் மோட்டாருக்கு வேலை மிகக் குறைவு. நடுவில் அவை குறுக்கே நிற்கும். கை மிக வேகமாக நகரும் இடமும் அதுதான், உராய்வின் முழுப் பாரமும் மோட்டார்மேல் விழும் இடமும் அதுதான். உராய்வு கூடிய லிங்க்கேஜ் ஓரத்தில் தப்பித்து நடுவில் தோற்கும். எப்போதும் ஒரே கோணத்தில், அதுவும் ஓரத்துக்கு அருகில் நிற்கும் வைப்பர் என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: உடைந்த கியர் பல், எதிலோ இடிக்கும் கை, மடங்கிய கம்பி.

வயர் பாதையையும் விட்டுவிடவில்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மோட்டார் கப்ளர்வரை, ஓடும்போது அளந்ததில் 0.9 வோல்ட் இறக்கம். அதில் பெரும்பகுதி கப்ளரின் ஒரு பின்னிலும் ஃபியூஸ் காலிலும் இருந்தது. எர்த் பக்கம் 0.08 வோல்ட் மட்டுமே, அது நல்ல அளவு. பிளஸ் பக்கம் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் இந்த இறக்கம் 9 ஆம்பியரில் அளந்தது. அதே தொடர்பில் 3 ஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட்டாகிவிடும். தொடர்பைச் சரிசெய்ய வேண்டியது அவசியம், ஆனால் 14 வோல்ட்டில் 0.9 குறைந்ததால் வேகம் பாதியாகாது. இது வேகக் குறைவின் காரணம் அல்ல, அதிக மின்னோட்டம் விட்டுப்போன சூட்டுக் காயம் என்று முடிவாயிற்று.

ஒவ்வொன்றாகப் பிரித்தது

சுமை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தை அளப்பது என்று தீர்மானித்தார்கள். முழு லிங்க்கேஜையும் ஒரேயடியாக வெளியே எடுத்துப் பார்ப்பது வேகமான வழிதான். ஆனால் அப்படிச் செய்தால் கண்ணாடி, கை, மூட்டு, மோட்டார் இவற்றில் எது எவ்வளவு இழுத்தது என்ற கணக்கு கிடைக்காது. ஏற்கெனவே ஒரு மோட்டார் வீணாக வாங்கப்பட்ட வண்டியில் அந்தக் கணக்கு தேவைப்பட்டது.

கைகளைக் கழற்றும் முன், படுத்திருக்கும் நிலையில் ஒவ்வொரு பிளேடின் நுனியும் இருக்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்தார்கள். நட்டைத் தளர்த்திய பிறகும் கை, மூட்டு ஷாஃப்டின் நுனியிலுள்ள பல்வரிசையான ஸ்பிளைனில் இறுகியே இருந்தது. அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. கண்ணாடி விரியும், ஸ்பிளைன் சிதையும். சிறிய இழுவான் மாட்டி எடுத்தார்கள். கழற்றும்போது கண்ணாடிமேல் தடித்த துணி விரித்திருந்தது, ஏனென்றால் ஸ்பிரிங் இழுத்த கை கண்ணாடியில் மோதி அதை உடைப்பது நடக்கக்கூடிய விபத்து.

கைகள் இல்லாமல், லிங்க்கேஜ் மட்டும் மாட்டியிருக்க ஓட்டியபோது 7.5 ஆம்பியர். பிளேடும் கண்ணாடியும் சேர்ந்து தந்த சுமை வெறும் ஒன்றரை ஆம்பியர். புது பிளேடு ஏன் உதவவில்லை என்பது இதில் தெரிந்தது.

அடுத்து கண்ணாடியடிப் பிளாஸ்டிக் மூடியை எடுத்தார்கள். உள்ளே இடது ஓரத்தில் வேப்பிலை ஈர்க்குகளும் மண்ணும் சேர்ந்து கறுப்புக் களிமண்போல அப்பியிருந்தன. தண்ணீர் வெளியேறும் துளை முழுக்க அடைந்து, பள்ளத்தில் நீர் தேங்கிய கறை மூட்டு உயரம்வரை இருந்தது. இடது மூட்டின் மேலே இருக்க வேண்டிய ரப்பர் மூடி இல்லை. மூட்டின் அலுமினிய உறையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

மோட்டாரைப் படுத்த நிலையில் நிறுத்தி, சாவியை எடுத்து, ஃபியூஸையும் பிடுங்கிய பிறகே கிராங்க்கைத் தொட்டார்கள். இந்த வரிசை மாறக் கூடாது. துண்டிப்பான் திறந்து நின்றிருக்கும் மோட்டார், ஆறியதும் எச்சரிக்கையில்லாமல் ஓடும். அந்த நேரத்தில் லிங்க் கம்பிகளுக்கு நடுவில் விரல் இருந்தால் எலும்பு முறியும். கிராங்க் இருக்கும் கோணத்தை மார்க்கரால் கோடு போட்டுக் குறித்து, நட்டைக் கழற்றிப் பிரித்தார்கள். மோட்டாரைத் தனியாக ஓட்டினால் 1.6 ஆம்பியர், சீரான சத்தம், தடுமாற்றம் இல்லை. மோட்டார் நலமாக இருந்தது.

ஆக, மூட்டுகளும் கம்பிகளும் மட்டுமே 6 ஆம்பியர் தின்றுகொண்டிருந்தன. கையால் அசைத்ததில் வலது மூட்டு, அதாவது ஓட்டுநர் பக்கத்து மூட்டு, விரலால் தள்ளினாலே சுழன்றது. இடது மூட்டை அசைக்க பிளையர் தேவைப்பட்டது. அசையும்போது கரகரவென்று அரைத்தது. கிளாம்ப் மீட்டர் இல்லாத பட்டறையிலும் இந்த ஒரு சோதனையைச் செய்ய முடியும். கிராங்க்கைப் பிரித்துவிட்டு இரண்டு மூட்டுகளையும் தனித்தனியாகக் கையால் சுழற்றிப் பார்த்தால் போதும். நல்ல மூட்டு இரண்டு விரலுக்கு மேல் பலம் கேட்காது.

உரிமையாளர் முன்பு கழற்றிய அசல் மோட்டாரை டிக்கியிலேயே வைத்திருந்தார். அதையும் மேசையில் ஓட்டிப் பார்த்தார்கள். 1.8 ஆம்பியர், பிரஷ் பாதிக்கு மேல் மீதி. கழற்றப்பட்ட அந்த மோட்டாரிலும் பழுது இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இடது மூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட்டுவதா, லிங்க்கேஜ் தொகுதியையே மாற்றுவதா என்பதுதான் யோசிக்க வேண்டியிருந்தது. புதுத் தொகுதி வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். வெளியே மழை விட்டபாடில்லை, உரிமையாளருக்கு வண்டி வேண்டும். முதலில் மூட்டைச் சீராக்கிக் கொடுப்பது, ஷாஃப்டின் நிலையைப் பார்த்துப் புதுத் தொகுதி பற்றி முடிவெடுப்பது என்று தீர்மானமாயிற்று.

மூட்டின் மேலிருந்த சர்க்லிப்பையும் வாஷரையும் எடுத்து, துருநீக்கி ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டார்கள். காலையில் ஷாஃப்டின் அடியிலுள்ள நெம்புகோல் பகுதியைப் பிடித்து இங்குமங்கும் திருப்பி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டியதும் வெளியே வந்தது. ஸ்பிளைன் உள்ள நுனியைப் பிளையரால் பிடிக்கவில்லை; அங்கே பல் சிதைந்தால் கை எப்போதும் வழுக்கும். தீயும் காட்டவில்லை, பக்கத்திலேயே பந்து மூட்டின் பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கிறது.

வெளியே வந்த ஷாஃப்டில் மேல்பக்கமாக ஒரு விரல் அகலத்துக்குச் செந்துரு வளையம். அதற்குக் கீழே காய்ந்து மெழுகுபோலக் கெட்டியான கிரீஸ். உப்புக்காற்றும் தேங்கிய நீரும் சேர்ந்த இடத்தில் எஃகும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிபடும். அதில் உண்டாகும் வெள்ளைப் பொடி இடைவெளியை நிரப்பி ஷாஃப்டை இறுக்கும். முந்தைய மெக்கானிக் அடித்த துருநீக்கி ஸ்பிரே அந்தப் பொடியைக் கொஞ்சம் இளக்கியது, அதோடு மீதமிருந்த கிரீஸையும் கரைத்துக் கழுவியது. இரண்டு வாரம் ஓடியதற்கும், பிறகு முன்னைவிட மோசமானதற்கும் இதுவே விளக்கம். மோட்டார் மாற்றியதால் சரியானதுபோலத் தோன்றியது உண்மையில் ஸ்பிரேயின் வேலை. ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்துவிட்டு, பலனை ஒன்றின் கணக்கில் எழுதியதால் வந்த குழப்பம் இது.

ஷாஃப்டை 600, பிறகு 1000 எண் உப்புத்தாளால் தேய்த்தார்கள். உறையின் உட்புறத்தில் பொடி போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, துளை பெரிதாகாமல் பார்த்துக்கொண்டார்கள். பெரிதானால் கை ஆடும், தண்ணீரும் இறங்கும். துருநீக்கியின் எண்ணெய் முழுக்கப் போகக் கழுவித் துடைத்து, நீரில் கரையாத லித்தியம் கிரீஸ் வைத்து, புது ஓ-ரிங் போட்டு மாட்டினார்கள். இப்போது நெம்புகோலைத் தூக்கிவிட்டால் தன் எடையிலேயே கீழே விழுந்தது. ஆனால் துரு இருந்த இடத்தில் நகம் தட்டுப்படும் அளவு குழிகள் மிச்சமிருந்தன. ஓ-ரிங் உட்காரும் இடம் அது. குழியுள்ள பரப்பில் ரப்பர் நீரைத் தடுக்காது, கோளாறு சில மாதத்தில் திரும்பும். அதனால் புதுத் தொகுதியை வாங்குவது உறுதியானது. விலை, பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய மோட்டாருக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஃபியூஸ் விஷயத்தில் விவாதமே இல்லை, 20 ஆம்பியர் திரும்ப வந்தது. 20 ஆம்பியர் ஃபியூஸ் 20-ஐத் தாண்டிய உடனே எரிவதில்லை. தரநிலைப்படி 27 ஆம்பியரில் அது ஒரு வினாடிக்குள்ளும் போகலாம், பத்து நிமிடம்வரையும் தாங்கலாம். 40 ஆம்பியரில் ஐந்து வினாடிக்குள் போயாக வேண்டும். 24 ஆம்பியர் இழுத்த இந்த வைப்பரில் முதல் முறை அது எரிந்தது சரியான எச்சரிக்கை. பச்சை ஃபியூஸ் அந்த எச்சரிக்கையை வாயடைத்தது. அதன் பிறகு வயருக்கும் கப்ளருக்கும் இருந்த ஒரே பாதுகாப்பு மோட்டாருக்குள் இருந்த துண்டிப்பான்தான், அது மோட்டாரைக் காப்பதற்காக உள்ளது, வயரைக் காப்பதற்காக அல்ல. கறுத்த கப்ளர் பின்னை மாற்றி, ஃபியூஸ் காலைச் சுத்தம் செய்து இறுக்கினார்கள்.

வடிகாலில் இருந்த மண்ணைத் தோண்டி எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் சில வினாடிகளில் ஒழுகி முடிந்தது.

பின்னர் நடந்தது

மூட்டைச் சீராக்கிய அன்று, மெதுவேகத்தில் 41, வேகத்தில் 60, மின்னோட்டம் 3.1 ஆம்பியர். நான்கு நாள் கழித்துப் புது லிங்க்கேஜ் போட்டதும் 43-ம் 63-ம் கிடைத்தது, மின்னோட்டம் 2.6-க்கு இறங்கியது. தண்ணீர் விட்டபடி அரை மணி நேரம் ஓட்டினார்கள். நிற்கவில்லை, மோட்டார் உறை கைவைத்துத் தாங்கும் சூட்டில்தான் இருந்தது. கப்ளர்வரையிலான வோல்டேஜ் இறக்கம் 0.15.

கிராங்க்கைப் போட்ட குறியிலேயே மாட்டியதால் கைகள் டேப் குறித்த இடத்தில் படுத்தன. குறி இல்லாமல் மாட்ட நேர்ந்தால், முதலில் மோட்டாரை லிங்க் இல்லாமல் ஒருமுறை ஓட்டி அணைத்து, அது தன் பார்க் நிலைக்கு வந்து நின்ற பிறகே கிராங்க்கை இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கைகள் பானெட் ஓரத்தில் இடிக்கும், அல்லது கண்ணாடியின் நடுவில் போய்ப் படுக்கும்.

வண்டியில் இருந்த, பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய மோட்டாரைக் கழற்றிவிட்டு அசல் மோட்டாரையே மாட்டினார்கள். இரண்டும் நலம்தான் என்றாலும், கடையில் வாங்கிய மோட்டார் எத்தனை முறை சூடேறித் துண்டித்தது என்று தெரியாது. அதன் துண்டிப்பான் தளர்ந்திருக்கலாம். ஜனவரியில் அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது எடுத்த அளவு 2.7 ஆம்பியர், 43 முறை.

இனி மாற வேண்டியது

வைப்பர் மெது என்ற புகாருடன் வரும் வண்டிக்கு, அந்தப் பட்டறை இப்போது கழற்றும் முன்பே மூன்று எண்களை வேலை அட்டையில் எழுதுகிறது: நிமிடத்துக்கு எத்தனை முறை, எத்தனை ஆம்பியர், மோட்டார் கப்ளரில் எத்தனை வோல்ட். மூட்டுக்கு ஸ்பிரே அடிக்கும் வேலையும் பாகம் மாற்றும் வேலையும் ஒரே நாளில் சேர்ந்து நடப்பதில்லை. ஒன்றைச் செய்து அளந்த பிறகே அடுத்தது. மரத்தடியில் நிற்கும் வண்டிகளுக்கு மழைக்காலத்துக்கு முந்தைய சர்வீஸில் கண்ணாடியடி மூடியைத் திறந்து வடிகாலைப் பார்ப்பதும், மூட்டின் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பார்ப்பதும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

இந்த அளவுகளை எல்லா வண்டிக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெரிய கண்ணாடி உள்ள வேனும் பஸ்ஸும் அதிகம் இழுக்கும். 24 வோல்ட் வண்டிகளில் கணக்கே வேறு. புதிய சில கார்களில் இரண்டு கைகளுக்கும் தனித்தனி மோட்டார், நடுவில் லிங்க்கேஜே கிடையாது. அவற்றின் மோட்டார் முழுச் சுற்றுச் சுற்றாமல் மின்னணு முறையில் திசைமாறி ஆடும். சுமை கூடினால் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றே வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடும், ஃபியூஸ் போகாது. அங்கே வோல்டேஜ் இருந்து மின்னோட்டம் பூஜ்யம் என்பதை மட்டும் வைத்துத் துண்டிப்பான் என்று சொல்லிவிடக் கூடாது. ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் படித்த பிறகே மீட்டரை எடுக்க வேண்டும். ஆனாலும் சாவியை எடுத்துவிட்டு, கையைக் கழற்றி, ஷாஃப்டில் துருவோ வெள்ளைப் பொடியோ இருக்கிறதா என்று பார்ப்பது அந்த வண்டிகளுக்கும் பொருந்தும்.